டம் டம் டப்பா: ஒரு கைப்பொம்மை நாடகம்

3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு. ஆட்டுபவர் ஒருவர்தான், அதனால் பொம்மையும் இரண்டுதான்: வலது கையில் துள்ளி முயல், இடது கையில் மெல்லு ஆமை. மேசையில் ஒரு துணியைத் தொங்கவிட்டு அதன் பின்னால் உட்காருங்கள். மேசை விளிம்பில் காலி டப்பா ஒன்றைக் கவிழ்த்து நன்றாக ஒட்டிவிடுங்கள், நடுவில் உருண்டு ஓடினால் பிடிக்க உங்களுக்குக் கை இருக்காது.

(துள்ளி குதித்து வருகிறது.)

துள்ளி: டம் டம் டப்பா! யாரோடது? என்னோடது!

(தட்டுகிறது. மெல்லு மெதுவாக வருகிறது.)

மெல்லு: துள்ளி, நானும் தட்டட்டுமா?

துள்ளி: மாட்டேன்! என்னோடது! என்னோடது!

(டப்பாமேல் படுத்துக்கொள்கிறது. துள்ளியைக் கெட்டவனாகக் காட்ட வேண்டாம். பிடித்த பொருளைக் கொடுப்பது இந்த வயதில் நிஜமாகவே கஷ்டம், குரலில் கோபத்தைவிட பயம் தெரிந்தால் போதும்.)

மெல்லு: சரி. நான் இங்கேயே உட்காந்திருக்கேன்.

துள்ளி: டம் டம் டம்! ஐ, ஆடணும்போல இருக்கே!

(டப்பாவை விட்டு ஆடுகிறது. சத்தம் இல்லை. நிற்கிறது.)

துள்ளி: பாட்டு எங்க போச்சு?

(ஓடிவந்து தட்டுகிறது. மறுபடி ஆடப் போகிறது. மறுபடி அமைதி. இதை மூன்று முறை செய்யுங்கள், அவசரமே வேண்டாம். மூன்றாவது முறைக்குள் குழந்தைகளே "ஆமையைத் தட்டச் சொல்லு!" என்று கத்திவிடுவார்கள், கத்தாவிட்டால் துள்ளி அவர்களைப் பார்த்துக் கேட்கட்டும்.)

துள்ளி: நான் ஆடினா யார் தட்டுவா?

குழந்தைகள்: மெல்லு!

துள்ளி: மெல்லு... நீ தட்டுறியா? ஆனா எனக்குத் திரும்ப வேணுமே!

மெல்லு: பத்து எண்ணு. பத்து வந்ததும் உனக்கு. இப்ப நான், அப்புறம் நீ!

(பொம்மைகள் இரண்டும் குழந்தைகள் பக்கம் திரும்புகின்றன. கைதட்டிக்கொண்டே இரண்டு முறை சொல்ல வையுங்கள்.)

எல்லோரும்: இப்ப நான், அப்புறம் நீ!

(மெல்லு தட்டுகிறது. டம்... டம்... ஆமையின் வேகம்தான், அதனால் துள்ளியும் மெதுவாக ஆட வேண்டியிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து எண்ணுகிறார்கள்.)

எல்லோரும்: ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்து!

மெல்லு: இந்தா துள்ளி, உன்னோட முறை!

துள்ளி: ஐ, குடுத்துட்டியே!

(வேகமாகத் தட்டுகிறது. மெல்லு தலையை ஓட்டுக்குள் இழுத்து, நீட்டி, இழுத்து ஆடுகிறது. மறுபடி பத்து வரை எண்ணிக்கை.)

துள்ளி: பத்து! இந்தா மெல்லு!

மெல்லு: இரு இரு, அங்க பாரு, எத்தனை பேர் உட்காந்திருக்காங்க!

துள்ளி (எட்டிப் பார்த்து): அட, ஆமா! யாருக்குத் தட்டணும்?

(இப்போது ஒட்டிய டப்பாவைப் பிரித்து, முன்னால் இருக்கும் குழந்தையிடம் இரண்டு பொம்மைகளும் சேர்ந்து தூக்கிக் கொடுக்கின்றன. ஒவ்வொரு கைக்கும் பத்து எண்ணிக்கை. டப்பா மாறும்போதெல்லாம் அந்த வரி. கூச்சப்படுகிற குழந்தை வாங்கவில்லை என்றால் வற்புறுத்தாமல் அடுத்தவருக்கு நகர்த்துங்கள், கடைசியில் ஒரு முறை அதன் பக்கம் மறுபடி போங்கள்.)

எல்லோரும்: இப்ப நான், அப்புறம் நீ!

(டப்பா கடைசிக் குழந்தை வரை போய் மேசைக்குத் திரும்பியதும் துணிக்குப் பின்னால் பொம்மைகள் கையசைத்து இறங்குகின்றன.)