ஏற்காட்டில் எடுத்த வீரபத்ராசனப் படம்: நான் பார்த்தது

கண்ணு,

காப்பித் தோட்டத்து வீட்டு வாசலில், வலது முட்டியை மடக்கி, இடது காலை நீட்டி, கைகளை இரண்டு பக்கமும் விரித்து நீ வீரபத்ராசனத்தில் நின்ற படம் வந்தது. "முட்டி 90 டிகிரி வரவே இல்லைன்னு அண்ணன் சொல்றான், நான் நிக்கிறது தப்பா மிஸ்?" என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் போட மனசு வரவில்லை. படத்தைப் பெரிசாக அச்சிட்டு, பென்சிலால் கோடு போட்டு, என் மகனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து வைத்து அளந்து பார்த்தேன். கண்ணுக்குத் தெரிவதை முதலில் சொல்கிறேன், தெரியாததை அப்புறம்.

முதலில் படமே நேராக இல்லை. உன் பின்னால் இருக்கும் வாசல் நிலை, படத்தின் ஓரத்தோடு ஒப்பிட்டால் 4 டிகிரி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நிலைக்கால் சாய்ந்து யாரும் வீடு கட்ட மாட்டார்கள். அண்ணன் பிடித்த போன்தான் சாய்ந்திருக்கிறது. அதனால் தரையோடோ செங்குத்தோடோ ஒப்பிடும் எந்த அளவிலும் இந்த 4 டிகிரியைக் கழித்துத்தான் பேச வேண்டும். உடம்புக்குள்ளேயே இரண்டு எலும்புக்கு நடுவில் உள்ள கோணத்துக்கு அந்தக் கவலை இல்லை. போன் இப்படிப் பக்கவாட்டில் சாய்வதால் அது மாறாது.

வலது முழங்கால், அதுதான் உன் கேள்வி. இடுப்பிலிருந்து முட்டி வரை ஒரு கோடு, முட்டியிலிருந்து கணுக்கால் வரை ஒரு கோடு. நடுவில் 112 டிகிரி வருகிறது. படத்தில் முட்டி கணுக்காலுக்குக் கொஞ்சம் பின்னால், உடம்புப் பக்கம் இருப்பதுபோல் தெரிகிறது. சாய்வைக் கழித்தால் கணுக்காலுக்கு நேர் மேலேதான் நிற்கிறது. முன்னால் தாண்டிப் போகவில்லை. கெண்டைக்கால் செங்குத்து, தொடை மட்டும் தரைக்கு இணையாக இறங்காமல் 22 டிகிரி மேலே நிற்கிறது. அண்ணன் சொன்னது உண்மைதான், 90 இல்லை. ஆனால் 90 இல்லாததைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆறு மாசம் பழகியவள் 112-இல் நிற்பது நல்ல இடம். 90-க்கு இறங்கும்போது தொடைக்கு வேலை கூடும், அதைத் தாங்கப் பலம் வந்தபிறகு இறங்கினால் போதும்.

முதுகு விஷயத்தில் படம் உன்னை நல்லவளாகக் காட்டிவிட்டது. பார்த்தால் ஏறக்குறைய நேர், 2 டிகிரிதான் முன்கால் பக்கம் சாய்வு. போனின் சாய்வைச் சேர்த்தால் அது 6 டிகிரி ஆகிறது. முன்னால் யாரோ கூப்பிட்ட மாதிரி உடம்பு வலது கைப் பக்கம் போகிறது. இதைத் திருத்து. இரண்டு கைக்கும் நடுவில், இடுப்புக்கு நேர் மேலே தலை வர வேண்டும். இடது கை விரல்நுனியைப் பின்னால் யாராவது பிடித்து இழுப்பதாக நினைத்துக்கொண்டு செய், தானாக வரும்.

கைகள் பரவாயில்லை. வலது கை 6 டிகிரி தூக்கலாகத் தெரிகிறது, அதில் 4 போனுடையது. மீதி 2 டிகிரியை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன், என் பென்சில் கோடே அவ்வளவு தடிமன். வலது தோள் மட்டும் காதை நோக்கி ஏறியிருக்கிறது, இடப்பக்கம் அந்த இடைவெளி அதிகம். தோளைக் கீழே விடு. இடது முழங்கால் நீட்டமாக, நன்றாக இருக்கிறது.

சரி, இனி படம் சொல்லாதவை.

இந்த ஆசனத்தில் நான் அதிகம் பயப்படுவது முன்கால் முட்டி பெருவிரல் பக்கமாக உள்ளே சரிவதற்குத்தான். நீ கேமராவைப் பார்த்து நிற்கிறாய், வலது பாதம் பக்கவாட்டில் நீள்கிறது. அப்படியானால் முட்டி உள்ளே சரிந்தால் அது கேமராவை நோக்கித்தான் வரும். முன்னால் வருவதும் பின்னால் போவதும் தட்டையான படத்தில் தெரியாது. முட்டிச்சில்லு எந்தப் பக்கம் பார்க்கிறது என்றாவது பார்க்கலாம் என்றால், உன் தொளதொள பைஜாமா மறைத்துவிட்டது. ஆக, எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதற்கு இந்தக் கோணத்தில் எடுத்த படம் உதவவே உதவாது.

112 என்ற எண்ணையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதே. ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள மூலை மட்டத்தை எடு. அதன் குட்டைப் பக்கத்தைச் செங்குத்தாகப் பிடித்து, 60 டிகிரி முனையைப் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்பு. பிளாஸ்டிக் அப்படியேதான் இருக்கிறது, கோணம் மட்டும் கண்ணுக்குச் சுருங்கிக்கொண்டே போகும். உன் முட்டியும் அப்படித்தான், ஆனால் அதன் கோணம் 90-ஐத் தாண்டியது என்பதால் சுருங்காமல் விரிந்து தெரியும். தொடை கேமராவுக்கு இணையாக இல்லாமல் 40 டிகிரி திரும்பியிருந்தால், படத்தில் 112 காட்டும் முட்டி உண்மையில் 107 அளவில்தான் மடங்கியிருக்கும். எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை இந்தப் படத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. அண்ணன் ரொம்பக் கிட்டே நின்று எடுத்திருக்கிறான், படத்தின் ஓரத்தில் இருக்கும் வலது கை நீண்டு தெரிவதும் அதனால்தான்.

இடுப்பு எப்படித் திரும்பியிருக்கிறது என்பது குர்தாவுக்குள் இருக்கிறது. தெரிந்தாலும், இரண்டு இடுப்பெலும்பையும் கேமரா பக்கம் கொண்டுவா என்று நான் அதட்ட மாட்டேன். இடுப்புக் குழியும் தொடை எலும்பின் தலையும் ஆளுக்கு ஆள் வேறு அமைப்பு. ஒருத்திக்குத் தாராளமாகத் திறப்பது இன்னொருத்திக்கு எலும்போடு எலும்பு முட்டி நிற்கும். அங்கே வம்பாகத் திருப்பினால் அந்தத் திருகலை முட்டிதான் வாங்கிக்கொள்ளும்.

இடது பாதம் புல்லில் புதைந்திருக்கிறது. குதிகால் அழுந்தியிருக்கிறதா, வெளி ஓரம் தூக்கியிருக்கிறதா, எந்தக் காலில் எவ்வளவு பாரம் என்று எதுவும் தெரியவில்லை. மலைமேல் முற்றம் ஒரு பக்கம் சரிவாகத்தான் இருக்கும், அதையும் படம் சொல்லவில்லை. அப்புறம் மூச்சு. நீ சிரிக்கிறாய், ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டும் சிரிக்கலாம். எத்தனை நொடி நின்றாய், எப்படி இறங்கினாய், எப்படி எழுந்தாய், கால் நடுங்கியதா? படத்தில் இருப்பது ஒரு கணம்தான்.

சில வருஷம் முன்னால் ஒருத்தி இதே ஆசனப் படம் அனுப்பினாள். வரைந்து வைத்த மாதிரி இருந்தது. "ரொம்ப நல்லா இருக்கு, அப்படியே செய்" என்று எழுதிவிட்டேன். அடுத்த வாரம் நேரில் பார்த்தால் எட்டு நொடியில் பின்கால் நடுங்குகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். எழும்போது முட்டியை உள்ளே திருகி எழுந்தாள். எந்தப் படத்திலும் அது வந்திருக்காது. அந்த "ரொம்ப நல்லா இருக்கு" இன்றும் எனக்கு உறுத்துகிறது.

கடைசியில், சின்னதாக, "படி இறங்கும்போது வலது முட்டி லேசா வலிக்குது" என்று எழுதியிருந்தாயே, எனக்கு அதுதான் பெரிசு. வலி இந்த ஆசனத்தால் வந்ததா, 20 கொண்டை ஊசி வளைவும் பைக்கில் மடக்கியே உட்கார்ந்து ஏறியதாலா, வேறு காரணமா என்று படத்தைப் பார்த்துச் சொன்னால் அது பொய். வலி இருக்கும்வரை இந்த ஆசனத்தை விட்டுவிடு. ஒரு வாரத்தில் போகவில்லை என்றால், வீக்கமோ முட்டி மடங்கிப்போவதோ இருந்தால் அதற்கு முன்பே, எலும்பு டாக்டரிடம் காட்டு.

வலி போனபிறகு படம் வேண்டாம், வீடியோ எடு. என்னைப் பார்க்க அஸ்தம்பட்டிக்கு வர நேரமில்லை என்றால் உன் வீட்டு மொட்டை மாடியே போதும், புல் இல்லாத சமதரை. போனை இடுப்பு உயரத்தில் ஸ்டூல் மேல் வைத்து, பத்தடி தள்ளி நில். முட்டிக்கு மேல் சுருட்டிய பேன்ட் போட்டுக்கொள். முன்னாலிருந்து ஒரு தடவை, வலது கால் விரலுக்கு நேர் எதிரிலிருந்து ஒரு தடவை. நிற்பதற்கு முன்பே ஓடவிட்டு, முழுசாக எழுந்து இரண்டு காலும் சேர்ந்தபிறகு நிறுத்து. மூச்சுச் சத்தம் கேட்கட்டும், பாட்டு போடாதே.