நூற்றெண்பது ரூபாய்

கொடைக்கானல் ஏரிச் சாலை ஹோட்டலில் இரவு ஒன்றரை மணி. அறை வாடகை, வரி எல்லாம் ஏற்றியாயிற்று. தேதியை மாற்றும் பொத்தான்தான் பாக்கி. அதற்கு முன் கல்லா டேலி ஆக வேண்டும். தேதி மாறிவிட்டால் வித்தியாசத்தை ஷார்ட் என்று எழுதுவதைத் தவிர வழியில்லை.

கணினி சொன்னது 42,060. இரவுக் கணக்கர் முருகேசன் எண்ணியது 41,880. குறைவது 180.

நூறு, ஐம்பது, இருபது, பத்து என்று வகைக்கு ஒன்றாக நான்கு நோட்டு காணாமல் போகுமா? போகாது. 180 ரூபாய் பில் எதுவும் யுபிஐயில் வந்து ரொக்கமாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. ஒன்பதால் வகுத்தார். சரியாக 20. ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியதா, பூஜ்யம் கூடியதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

மாலை ஷிப்ட் கொடுத்த நோட்டு விவரச் சீட்டைத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். 500 அறுபத்திரண்டு, 100 இருபத்தெட்டு, 50 ஒன்பது, 10 பதினொன்று, எல்லாம் ஒன்றே. அவர்கள் சீட்டில் 200 முப்பத்தெட்டு, 20 ஐந்து. அவருடையதில் முப்பத்தேழும் ஆறும்.

எண்ணுவதற்கு முன் வகை பிரிப்பது அவர் வழக்கம்; இருநூறுக்குள் கிடந்த இருபது அப்போதே தன் அடுக்குக்குப் போயிருக்கிறது. மாலையில் கட்டாகவே மூலையைப் புரட்டி எண்ணியிருப்பார்கள். இருபது 17 மில்லிமீட்டர் நீளம் குறைவு. ஆனால் ஒரு பக்கம் தட்டிச் சேர்த்துவிட்டால் எண்ணுகிற முனையில் எல்லாம் சமமாகத்தான் தெரியும். மஞ்சள் பல்பின் கீழே இருபதின் பச்சை சாயலும் தெரியாது.

நோட்டு எங்கிருந்து வந்தது? அன்று இருநூறு அதிகம் வந்தது ரெஸ்டாரன்ட் கவரில், பதினான்கு. அவர் டியூட்டி மேனேஜரை எழுப்பினார்.

"சார், ரெஸ்டாரன்ட் டிராயரைத் திறக்கணும். சாவி உங்ககிட்ட இருக்கு."

"நூத்தியெண்பது ரூபாய்க்கா? காலையில பாக்கலாமே முருகேசா."

"காலையில ஆறு மணிக்கு டீ வியாபாரம் ஆரம்பிச்சிரும் சார். அப்புறம் அந்தக் காசு யாருதுன்னு சொல்ல முடியாது."

சில்லறைக்கென்று அங்கே எப்போதும் 3,000 இருக்கும். அதில் இருபது ரூபாய்க் கட்டு மட்டும் ஐம்பது. மேனேஜர் எதிரிலேயே எண்ணினார். ஐம்பது சரி. இரண்டாம் முறை மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். முப்பத்தொன்றாவது இருநூறு. டிராயரில் 3,180. கவர் போடும்போது இரண்டும் மாறியிருக்கிறது.

இருபதை இங்கே வைத்து இருநூறை எடுத்தார். இரண்டு நோட்டின் வரிசை எண்ணையும் லாக் புத்தகத்தில் எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினார். மாலைச் சீட்டை அடித்துத் திருத்தவில்லை. பின்னால் குறிப்பு பின் செய்தார்.

"மாலை ஷிப்ட் மாரியம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றார் மேனேஜர். "பாவம், பயந்துரும்."

"அவங்க தப்புன்னு எழுதலை சார். கவுண்டர்ல வெள்ளை பல்பு போடணும்னு மட்டும்தான் எழுதியிருக்கேன்."

இரண்டு மணி பத்துக்குத் தேதி மாறியது.