பூச்சிட்டை: மல்லி விவசாயிக்கு ஒரு கணக்கு ஆப்

பூச்சிட்டை ஒரு வெப் ஆப். மல்லி, பிச்சி, முல்லை போட்டிருக்கிற விவசாயி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் பூவைப் போட்ட கையோடு அன்றைய எடையையும் ரேட்டையும் போனில் பதிந்துகொள்ளலாம். கமிஷன், முன்பணத்துக்குப் பிடித்தது, பறிப்புக் கூலி, வண்டி வாடகை எல்லாம் போகக் கையில் எவ்வளவு நிற்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும். நெட் இல்லாமலும் ஓடும். கணினி அறிவியல் இளநிலைப் படிப்பின் கடைசி வருட ப்ராஜெக்டாக நான் தனியாகச் செய்தது. திருமங்கலம் பக்கம் எங்கள் ஊரில், எங்கள் வீடு உட்பட, சில குடும்பங்கள் இப்போது இதில்தான் கணக்கு வைக்கிறார்கள்.

எதற்காக இது

மல்லி மற்ற வெள்ளாமை மாதிரி இல்லை. நெல்லுக்குப் போகத்துக்கு ஒரு தடவை கணக்குப் பார்த்தால் போதும், மல்லிக்குச் சீசனில் தினமும் பறிப்பு, தினமும் எடை, தினமும் வேறு ரேட். விடியுமுன் மொட்டாகப் பறித்து, விரிவதற்குள் மார்க்கெட் போய்ச் சேர வேண்டும். ஒரே காலையில், முதலில் வந்த மூட்டைக்கு ஒரு ரேட், ஒரு மணி நேரம் கழித்து வந்ததற்கு இன்னொரு ரேட் என்றும் நடக்கும். பணமோ பெரும்பாலும் அன்றன்றைக்குக் கைக்கு வராது. கடையில் ஒரு சிட்டை தருவார்கள், வாரத்துக்கு ஒரு தடவையோ இன்னும் தாமதமாகவோ கணக்கு முடிப்பார்கள், அதற்குள் பாதிச் சிட்டை ஈரத்தில் நைந்துபோயிருக்கும். முன்பணம் வேறு நடுவில் இருக்கும்: செடிக்கு மருந்தடிக்க, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட என்று கடையில் வாங்கியது, அதில் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார்கள்.

இதில் யார் மேலும் குறை சொல்ல வரவில்லை. கடைக்காரரிடம் முழுக் கணக்கும் நோட்டில் இருக்கிறது, விவசாயியிடம் நினைவு மட்டும்தான் இருக்கிறது, இது சரியில்லை என்பதுதான் என் எண்ணம். இரண்டு பக்கமும் கணக்கு இருந்தால் பேச்சு சுமுகமாக முடியும். ஆப்பில் இருக்கிற எல்லாமே அந்த ஒரு எண்ணத்திலிருந்து வந்தது.

என்ன செய்யும்

திறந்ததும் வருவது பதிவுத் திரைதான், வேறு எந்த முகப்பும் கிடையாது. பூவைத் தொடவேண்டும், எடையைப் போடவேண்டும், ரேட்டைப் போடவேண்டும், முடிந்தது. கடையும் கமிஷன் விகிதமும் ஒரு தடவை சொல்லிவைத்தால் அப்புறம் கேட்காது. கடைக்குக் கடை விகிதம் மாறும் என்பதால் கடை வாரியாகத்தான் வைத்திருக்கிறேன். ஒரே நாள் பூ இரண்டு ரேட்டில் போனால் அதே பதிவில் இன்னொரு வரி சேர்க்கலாம். சிட்டையில் எழுதியிருக்கிற மொத்தத்தையும் போட்டால், ஆப் போட்ட கணக்கோடு பொருந்துகிறதா என்று பக்கத்தில் காட்டும், பொருந்தாவிட்டால் எத்தனை ரூபாய் வித்தியாசம் என்பதையும் சொல்லும். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த வசதி இதுதான்.

முன்பணத்துக்குத் தனிப் பக்கம். என்றைக்கு எவ்வளவு வாங்கியது, எந்த வாரம் எவ்வளவு பிடித்தார்கள், பாக்கி எவ்வளவு. பறிப்பு ஆட்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி போட்டுவைத்தால் அதையும் தானே கழித்துக்கொள்ளும். வாரக் கணக்கை ஒரே படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். திருப்பூரில் வேலை பார்க்கிற அண்ணனுக்கு அம்மா அனுப்புவது இப்படித்தான்.

ரேட் வரைபடத்தில் முகூர்த்த நாள், அமாவாசை, பௌர்ணமி, பண்டிகை எல்லாம் குறியிட்டிருக்கும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ரேட் ஏறும் என்று சொல்லித் தெரிய வேண்டிய ஆள் மதுரைப் பக்கம் யாருமில்லை, ஆனால் தன் தோட்டத்துப் பூவுக்கு அது எவ்வளவு ஏறியது என்று போன வருடத்துக் கோட்டைப் பார்ப்பது வேறு. மார்கழி, தை பனியில் வரத்து குறைந்து ரேட் மேலே நிற்பதும், சித்திரை, வைகாசி வெயிலில் பூ கொட்டி ரேட் தரைக்கு வருவதும் அந்தக் கோட்டில் பளிச்சென்று தெரிகிறது.

நாளைய ரேட்டைக் கணித்துச் சொல்கிற வசதியைச் சேர்க்கச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள், கல்லூரியிலும் கேட்டார்கள். வேண்டாம் என்றே முடிவு செய்தேன். சில வீடுகளின் பதிவை வைத்து ஒரு எண்ணைத் திரையில் காட்டினால், அதை நம்பி ஒருவர் பறிப்பு ஆளைக் கூடுதலாகக் கூப்பிடுவார், கூலி அவர் கையிலிருந்துதான் போகும்.

எதில் செய்தது

முன்பக்கம் வெறும் ஜாவாஸ்கிரிப்ட், ஃப்ரேம்வொர்க் எதுவும் இல்லை. பின்பக்கம் பைத்தானில் ஃப்ளாஸ்க், தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். சர்வீஸ் ஒர்க்கர் மூலம் பக்கங்கள் போனிலேயே இருக்கும், பதிவுகள் முதலில் `IndexedDB`-க்குள் போகும், சிக்னல் கிடைக்கும்போது சர்வருக்கு ஏறும். தமிழ் எழுத்துருவைத் தனியாக இறக்காமல் போனில் இருப்பதையே பயன்படுத்தியதால் முதல் தடவை திறக்கும்போதும் சீக்கிரம் வந்துவிடுகிறது.

கற்றுக்கொண்டது

முதலில் தேதி. பூ வியாபாரத்தில் நடக்கிற முக்கியமான விஷயமெல்லாம் விடியுமுன் நடக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் தேதியை எடுக்க எல்லாரும் எழுதுகிற வரி இது:

```js
new Date("2025-01-14T04:40:00+05:30")
  .toISOString().slice(0, 10);
// "2025-01-13"
```

இந்த முறை உலகப் பொது நேரத்தைத் தருகிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, ஆகவே காலை 5.30 வரை பதிகிற எல்லாமே முந்தின நாள் கணக்கில் போய் விழும். பத்து மணிக்குக் கடை திறக்கிற வியாபாரத்துக்கு ஆப் செய்தால் இது கண்ணிலேயே படாது. இங்கே பொங்கலன்று போட்ட பூ போகியன்று போட்டதாக ஆகிவிடும், ரேட்டும் தலைகீழாகத் தெரியும். அதனால் தேதியை இப்படி எடுக்கிறேன்:

```js
new Intl.DateTimeFormat("sv-SE", {
  timeZone: "Asia/Kolkata"
}).format(new Date());
```

ஸ்வீடன் முறையில் தேதி வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் வருவதால் அப்படியே தரவுத்தளத்தில் வைக்கலாம்.

அடுத்தது காசு. `0.1 + 0.2` என்று போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் `0.30000000000000004` என்று சொல்லும் என்பது வகுப்பில் எல்லாரும் பார்த்ததுதான். ஆனால் சிட்டையோடு பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டிய ஆப்பில் அது வேடிக்கையான விஷயமாக இருக்காது. எடையைக் கிராமாகவும் பணத்தைப் பைசாவாகவும் முழு எண்ணாகவே வைத்திருக்கிறேன். 3 கிலோ 350 கிராம், கிலோ 640 ரூபாய் என்றால் `3350 * 64000 / 1000`, அதாவது 214400 பைசா, 2,144 ரூபாய். ரூபாயாக மாற்றுவது திரையில் காட்டும்போது மட்டும். முழு ரூபாயாக்குவதும் ஒரே இடத்தில், கடைசியில்தான்.

நெட் இல்லாத இடத்தில் பதிவது என்பதில்தான் நான் அதிகம் படித்தது. ஒரு பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, சேர்ந்தது என்ற பதில் திரும்பி வருமுன் சிக்னல் போய்விட்டால், போன் அதே பதிவை மறுபடி அனுப்பும். அப்போது ஒரு மூட்டைப் பூ இரண்டாகிவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் அடையாள எண்ணை போனே `crypto.randomUUID()` மூலம் போட்டுவிடுகிறது, சர்வர் பக்கம் `ON CONFLICT (id) DO NOTHING` என்று இருப்பதால் எத்தனை தடவை வந்தாலும் ஒன்றுதான் நிற்கும். பின்னணியில் தானே ஏற்றுகிற வசதி எல்லா பிரவுசரிலும் இல்லை, அதை நம்பாமல் ஆப்பைத் திறக்கும்போதும் நெட் திரும்ப வரும்போதும் ஏற்றுகிறேன்.

அப்பாவும் அம்மாவும் இரண்டு போனில் ஒரே கணக்கை வைத்திருந்தால் யார் திருத்தியது நிற்கும்? இதற்குப் பதில் வீட்டுக் கணக்கு நோட்டிலேயே இருந்தது. நோட்டில் தப்பை யாரும் அழிப்பதில்லை, அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுவார்கள், அடித்ததும் படிக்கத் தெரியும். ஆப்பிலும் எந்தப் பதிவும் அழியாது, திருத்தம் புதிய பதிவாகச் சேரும், பழையது கோடு போட்டு நிற்கும். இரண்டு போனிலிருந்து வரும் திருத்தங்களும் வரிசையாகச் சேர்ந்துவிடும், மோதல் தீர்க்கிற சிக்கலான வேலை பெரும்பகுதி இல்லாமல் போனது. கடையில் கணக்குப் பேசும்போதும் மாற்றியது எது என்று காட்டலாம்.

தமிழில் வரிசைப்படுத்துவதும் ஒரு பாடம். சும்மா `sort()` என்று விட்டால் யூனிகோட் எண் வரிசையில் போகும், அதில் ன என்பது ந-வை அடுத்து, ப-வுக்கு முன்னால் வந்து நிற்கும். `a.localeCompare(b, "ta")` என்று எழுதினால் நம் அகர வரிசை கிடைக்கிறது. கடைப் பெயர்ப் பட்டியல் நீளும்போது இது தேவைப்படுகிறது, தன் கடையை இருக்க வேண்டிய இடத்தில் தேடுகிறவருக்கு அது அங்கே இருக்க வேண்டும்.

உள்நுழைய ஓடிபி வைக்கவில்லை. இந்தியாவில் அப்படி எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி தளத்தில் நிறுவனமாகப் பதிய வேண்டும், ஒரு மாணவர் ப்ராஜெக்டுக்கு அது ஒத்துவராது. முதல் போன் கணக்கைத் தொடங்கும், இரண்டாவது போன் அதன் திரையில் வருகிற க்யூஆர் கோடைப் படித்துச் சேர்ந்துகொள்ளும். முன்பணப் பாக்கி ஒரு வீட்டின் மானம் சம்பந்தப்பட்டது என்பதால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் தனி பின் நம்பர் உண்டு, வாட்ஸ்அப் படத்திலும் அது வராது.

வடிவமைப்பில் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும்தான். பனியில் நனைந்த விரல், டார்ச் வெளிச்சம், பக்கத்தில் எடைபோடுகிறவரின் அவசரம். பட்டன்கள் பெரிதானது அதனால்தான். "நிகர வருமானம்" என்று முதலில் இருந்ததைப் பார்த்து அத்தை கேட்டது: "இது மிச்சம்தானே? அப்புறம் மிச்சம்னே போட வேண்டியதுதானே தம்பி?" அதற்கப்புறம் திரை முழுக்க எடை, ரேட், கமிஷன், முன்பணம், கூலி, மிச்சம் என்ற சொற்கள்தான்.

இனிமேல்

சம்பங்கியும் கனகாம்பரமும் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கிறது. பஞ்சாங்கம் பார்த்து முகூர்த்த நாட்களை இப்போது வருடத்துக்கு ஒரு தடவை கையால் ஏற்றுகிறேன், அதற்கு ஒரு சின்ன நிர்வாகப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆப்பைப் பார்க்க நினைப்பவர்கள் முதல் திரையில் "மாதிரிக் கணக்கு" என்பதைத் தொட்டால் போதும், தனியாகக் கணக்குத் தொடங்கத் தேவையில்லை. அதில் இருக்கிற எடையும் ரேட்டும் நான் போட்ட கற்பனை எண்கள், எந்த வீட்டுக் கணக்கும் அதில் இல்லை. போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு ஒரு பதிவு போட்டுப் பாருங்கள்.