உள் குறிப்பு: தவறான டிரெய்ன் பம்ப் இரண்டு முறை போனது ஏன், பதிலில் என்ன எழுதலாம்

மார்ச் 18
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை
அனுப்புநர்: தரப் பிரிவு

வணக்கம் மேடம்,

நேற்று நீங்கள் அனுப்பிய பதில் வரைவைப் படித்தேன். அதை இன்னும் அனுப்பவில்லை என்றால் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். "பேக்கிங்கில் நேர்ந்த மனிதத் தவறு" என்று அதில் இருக்கிறது. நேற்று காலை வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். கிடங்குக்குப் போய்ப் பார்த்த பிறகு அந்த வரியை எழுத முடியாது.

நடந்தது சுருக்கமாக: வாடிக்கையாளர் மார்ச் 4 அன்று வாஷிங் மெஷினுக்கு DP-340L பம்ப் கேட்டார். 7ஆம் தேதி DP-340R போய்ச் சேர்ந்தது. இரண்டுக்கும் உடம்பு ஒன்றுதான், தண்ணீர் வெளியேறும் வாய் மட்டும் எதிர்ப்பக்கம். அவர் 8ஆம் தேதி போன் செய்தார், 10ஆம் தேதி பார்சலைத் திரும்ப எடுத்தோம், 13ஆம் தேதி மாற்றுப் பம்ப் அனுப்பினோம். 16ஆம் தேதி போனதும் R தான்.

அவர் அனுப்பிய இரண்டாவது போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெட்டியின் உள்மடிப்பில் நீல மார்க்கரில் "வாய் வலப்பக்கம், எனக்கு வேண்டியது இடப்பக்கம்" என்று எழுதியிருக்கிறது. அது அவருடைய கையெழுத்து. திருப்பி அனுப்பும்போது நமக்கு உதவியாக இருக்கட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். அதே பெட்டியை அவருக்கே அனுப்பியிருக்கிறோம். புகாரில் "நான் எழுதியதை யாராவது படித்தீர்களா?" என்று கேட்டிருப்பது அதனால்தான். நம் உதவி மையம் அதைக் கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொண்டு, பம்பின் வரிசை எண்ணை மூன்றாவது முறையாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறது.

பேக் செய்தவர் ஸ்கேன் செய்யாமல் விட்டாரா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை, இரண்டு முறையும் ஸ்கேன் செய்திருக்கிறார், இரண்டு முறையும் பச்சைதான் வந்திருக்கிறது. பெட்டிமேல் இருந்த லேபிளே DP-340L. உள்ளே இருந்தது R. அப்படியானால் அந்த லேபிள் எங்கிருந்து வந்தது?

திரும்பி வரும் பொருளுக்கு உதவி மையத்தில் ஒரு காரணக் குறியீடு போட வேண்டும். திரையில் நான்கு இருக்கின்றன: RTN-01 பழுது, RTN-02 மனம் மாறியது, RTN-03 முகவரிச் சிக்கல், RTN-04 மற்றவை. "தவறான பொருள் வந்தது" என்று ஒன்று கிடையாது. 01 போட்டால் பரிசோதனை மேசைக்குப் போய் மூன்று நாள் கிடக்கும். 04 போட்டால் மேற்பார்வையாளர் ஒப்புதல் வேண்டும். வாடிக்கையாளருக்குச் சீக்கிரம் மாற்று போகட்டும் என்று 02 போட்டிருக்கிறார்கள். இந்தப் போனை எடுத்தவர் மட்டுமல்ல, உதவி மையத்தில் நான் கேட்ட நான்கு பேரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

02 போட்டால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். பொருள் நன்றாக இருக்கிறது என்று கணினி எடுத்துக்கொள்கிறது. பெட்டியை யாரும் திறப்பதில்லை. ஆர்டரில் என்ன எழுதியிருந்ததோ அதற்குப் புது லேபிள் அடித்து அந்த அடுக்கில் வைத்துவிடுகிறார்கள். ஆர்டர் L, அதனால் R பம்புக்கு L லேபிள். 12ஆம் தேதி வைத்த பெட்டி அடுக்கின் முன்வரிசையில் நின்றது, 13ஆம் தேதி கைக்கு முதலில் கிடைத்தது.

L அடுக்கில் இருந்த 14 பெட்டிகளையும் நேற்று திறந்து பார்த்தோம். மூன்றில் R. இரண்டு, முன்பு 02 போட்டுத் திரும்பி வந்தவை. மூன்றாவது எப்படி வந்தது என்று பதிவில் இல்லை. இவருக்கு முதல் முறை தவறாகப் போனதும் இதே வழியில்தான் இருக்கும் என்பது என் ஊகம், நிரூபிக்க முடியாது. R அடுக்கில் 9 பெட்டிகள், எல்லாம் சரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு இந்தக் குறியீடுகள் 11 இருந்தன. அதிகமாக இருக்கிறது, குழப்புகிறது என்று நான்காகக் குறைத்தபோது ஒப்புதல் போட்டவர்களில் நானும் ஒருவன். ஆகவே பேக் செய்தவர்மீதோ போன் எடுத்தவர்மீதோ விளக்கக் கடிதம் வேண்டாம்.

இன்று முதல் திரும்பி வரும் எந்தப் பம்பும் திறந்து பார்க்காமல் அடுக்குக்குப் போகாது. கிடங்கு மேற்பார்வையாளர் ஒத்துக்கொண்டார். "தவறான பொருள் வந்தது" என்பதற்கு RTN-05 சேர்க்க மென்பொருள் குழு இரண்டு வாரம் கேட்கிறது. மற்ற உதிரிப்பாகங்களின் அடுக்குகளை இன்னும் பார்க்கவில்லை.

சரி, பதிலுக்கு வருகிறேன். "மனிதத் தவறு" போக வேண்டும், அது உண்மையில்லை. "ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்பதும் போதாது. முதல் தவறைவிட இரண்டாவதுதான் அவரை நோகடித்திருக்கிறது, அதைக் குறிப்பிட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். "இனி ஒருபோதும் நடக்காது" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். RTN-05 வரும் வரை கையால்தான் சமாளிக்கிறோம், பம்புக்கு மட்டும்தான் சமாளிக்கிறோம். குறியீடு, லேபிள் கதையெல்லாம் அவருக்குத் தேவையில்லை. ஆனால் வேறு யாருக்காவது இப்படிப் போயிருக்கிறதா என்று அவர் கேட்டால், போயிருக்கலாம், தேடிக்கொண்டிருக்கிறோம் என்றே சொல்ல வேண்டும். அந்தத் தேடலை நாளை தொடங்குகிறேன்.

நான் எழுதிப் பார்த்தது இது:

"வணக்கம் ஐயா,

நீங்கள் பெட்டியில் எழுதியதை நாங்கள் படிக்கவில்லை. நீங்கள் திருப்பி அனுப்பிய பம்பைத் திறந்து பார்க்காமலே அடுக்கில் வைத்து, அதையே உங்களுக்கு மறுபடி அனுப்பிவிட்டோம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறோம். போட்டோ அனுப்பிய பிறகும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டதற்கும்.

இடப்பக்க வாய் உள்ள பம்ப் இன்று அனுப்பப்படுகிறது. பெட்டியைத் திறந்து, உங்கள் மெஷினின் மாடலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மூடினோம். அதன் போட்டோ இத்துடன் இருக்கிறது. உங்களிடம் இருக்கும் பம்பை, புதியது பொருந்திய பிறகு எங்கள் ஆள் வந்து எடுத்துக்கொள்வார். நீங்கள் எதுவும் பேக் செய்ய வேண்டாம். பம்புக்கும் அனுப்பும் செலவுக்கும் நீங்கள் கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தருகிறோம்.

திரும்பி வரும் பம்புகளை இன்று முதல் திறந்து பார்த்துத்தான் அடுக்கில் வைக்கிறோம். உங்கள் புகாரால்தான் இது எங்களுக்குத் தெரிந்தது.

இனி எதுவானாலும் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள், நேரடியாக எனக்கு வரும்.

மேலாளர், வாடிக்கையாளர் சேவை"

பணத்தைத் திருப்பித் தருவது உங்கள் அதிகாரத்தில் வரும், வேண்டாம் என்றால் அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். கடைசி வரியை எடுக்க வேண்டாம். அவர் இதுவரை ஐந்து பேரிடம் முதலிலிருந்து கதை சொல்லியிருக்கிறார்.

பம்ப் என் மேசையில் இருக்கிறது, வாய் இடப்பக்கம், நானே பார்த்தேன். நாலு மணிக்கு கூரியர் வண்டி வருகிறது. அதற்கு முன் ஒப்புதல் சொன்னால், ரசீது எண்ணோடு பதிலையும் இன்றே அனுப்பிவிடலாம்.