அறிவிப்பு: சனிக்கிழமை வீடு வீடாகக் கொசுப்புழுச் சோதனை

குடியிருப்பாளர்கள் அனைவரின் கவனத்துக்கு,

டெங்கு தடுப்பு பற்றிச் சுகாதாரப் பிரிவு அனுப்பிய 14 பக்கச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் ஊழியர்கள் நிரப்ப வேண்டிய படிவங்கள்தான். நாம் செய்ய வேண்டியதை மட்டும் இங்கே எடுத்துக் கொடுத்திருக்கிறோம். முழுதாகப் படிக்க விரும்புவோருக்குச் சங்க அலுவலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது.

வரும் சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து பிற்பகல் 1 மணி வரை ஊழியர்கள் வருவார்கள். மொட்டை மாடித் தொட்டி, தரைத்தொட்டி, பின்கட்டு, பால்கனி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அடையாள அட்டையைப் பார்த்த பிறகு உள்ளே விடுங்கள். அன்று வீட்டில் இருக்க முடியாதவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். பூட்டியிருக்கும் வீடுகளுக்கு அடுத்த புதன்கிழமை மறுபடி வருவார்கள். கொசுப்புழு இருந்தால் முதலில் எழுத்தில் எச்சரிக்கை தருவார்கள். 7 நாளில் சரிசெய்யாவிட்டால் அபராதம். காலி வீடுகளுக்கு உரிமையாளரே பொறுப்பு.

டெங்கு பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு, ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, பழைய டயர், மூடி சரியாகப் பொருந்தாத தொட்டி என்று எல்லாவற்றையும் பாருங்கள். முட்டை முழுக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை இவற்றைக் காலி செய்ய வேண்டும்.

காலி செய்தால் மட்டும் போதாது, உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த நிலையிலும் பல மாதம் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். சுற்றறிக்கையில் இது ஒன்பதாம் பக்கத்தில் ஒரே வரியாக இருக்கிறது. முதல் பக்கத்திலேயே வந்திருக்க வேண்டிய விஷயம்.

"புகை எப்போது அடிப்பீர்கள்?" என்று பலர் கேட்கிறீர்கள். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரிலுள்ள புழுவை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் பதிவான தெருக்களில் மட்டுமே புகை அடிப்பார்களாம். காலி செய்ய முடியாத பெரிய தொட்டிகளுக்கு ஊழியர்களே புழு மருந்து போடுவார்கள். அளவு முக்கியம் என்பதால் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

யாருக்காவது காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லாமல் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் சாப்பிட வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்டதும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். டெங்குவில் நிலைமை மோசமாவது பெரும்பாலும் அப்போதுதான். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். அப்புறம் சங்கத்துக்கும் ஒரு தகவல் சொல்லுங்கள், பக்கத்து வீடுகளைச் சோதிக்க உதவும்.

பொதுத் தொட்டிகளையும் மாடி வடிகால்களையும் வெள்ளிக்கிழமை சங்கம் சுத்தம் செய்கிறது. அன்று காலை 10 முதல் 12 மணி வரை தண்ணீர் வராது. முன்கூட்டியே பிடித்து, மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்