பொருள்: அக்டோபர் 14 இன்டர்வியூவுக்கு வர முடியாததற்கு மன்னிப்பு, இன்னொரு நேரம் வேண்டி – கணக்கு உதவியாளர் வேலை

வணக்கம் மேடம்,

நேற்று செவ்வாய்க்கிழமை காலை 10.30 மணிக்கு உங்கள் தேனி அலுவலகத்தில் இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருந்த கலைச்செல்வி நான், வண்டிப்பெரியாறிலிருந்து எழுதுகிறேன். சொன்ன நேரத்துக்கு வராமல் உங்களையும் உங்களோடு உட்கார்ந்திருந்தவர்களையும் காக்க வைத்துவிட்டேன், அதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். குமுளி மலைப்பாதையில் மரமும் பாறையும் விழுந்து போக்குவரத்து நின்றுபோனதால் நான் தேனிக்கு வந்து சேரும்போது மணி 1.20 ஆகிவிட்டது. இந்த வேலைக்கு என்னை இன்னொரு நாள் பார்க்க முடியுமா என்று கேட்கத்தான் இந்த மெயில்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காலை 5.50 பஸ்ஸில் வண்டிப்பெரியாறில் ஏறி ஆறரைக்கு முன்பே குமுளி வந்துவிட்டேன். எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் தேனி பஸ்ஸும் உடனே கிடைத்தது, வழக்கமாக ஒன்பதரைக்குள் தேனியில் இறங்கிவிடலாம், அதனால் டீ குடிக்கக்கூட நேரம் இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று வளைவு இறங்கியதும் முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. இரவெல்லாம் பெய்த மழையில் கீழே ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து, அதோடு மண்ணும் பாறையும் சரிந்து ரோட்டை அடைத்துக் கிடக்கிறது என்றார்கள். அரை மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள் என்று கண்டக்டர் சொன்னார். அந்த அரை மணி நேரத்தை நம்பி உட்கார்ந்ததுதான் நான் செய்த முதல் தவறு. எட்டரை மணிக்கு இறங்கிப் போய்ப் பார்த்தேன், மரத்தை மெஷின் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள், பாறையை நகர்த்தும் வண்டி கம்பத்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

அங்கே பஸ்ஸைத் திருப்பவும் வழியில்லை. கண்டக்டர் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சர்ட்டிபிகேட் ஃபைலைப் பாலித்தீன் கவரில் சுற்றி, சுடிதார் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு மழையில் குமுளிக்கே திரும்பி ஏறினேன், நான் நனைந்தாலும் ஃபைல் நனையவில்லை. கம்பம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் ஜீப் ஒன்றில் இடம் கேட்டு, ஆனக்கரை, புற்றடி வழியாகக் கம்பம்மெட்டு போய் அங்கிருந்து கம்பத்துக்கு இறங்கினேன். குமுளி பாதை மூடினால் எல்லாருக்கும் அதுதான் பக்கத்து வழி, அதனால் நேற்று மொத்த லாரியும் அந்தச் சின்ன ரோட்டில்தான் இருந்தது, போதாததற்குப் பனிமூட்டம் வேறு. கம்பத்தில் கால் வைத்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது.

ஏன் ஒரு போன்கூடச் செய்யவில்லை என்று நீங்கள் நினைத்திருக்கலாம், நியாயம்தான். 9.10 மணிக்குக் குமுளியிலிருந்து அழைப்புக் கடிதத்தில் இருந்த லேண்ட்லைன் எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தேன், மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. ஆபீஸ் திறந்திருக்காது, போகிற வழியில் மறுபடி கூப்பிடலாம் என்று ஜீப்பில் ஏறிவிட்டேன், அப்புறம் வழி நெடுக டவர் வருவதும் போவதுமாக இருந்ததில் ஒரு முறைகூட லைன் கிடைக்கவில்லை. குமுளியில் நின்றபோதே இரண்டு வரி மெயில் போட்டிருந்தால் நீங்கள் எனக்காகக் காத்திருந்திருக்க மாட்டீர்கள். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. மரம் விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை, ஆனால் இதற்கு நான்தான் பொறுப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழை நேரத்தில் மலையிலிருந்து இறங்கி வர வேண்டியவள் முந்தின நாளே வந்து தங்கியிருக்க வேண்டும். கம்பத்தில் எங்கள் அத்தை வீடு இருக்கிறது, திங்கட்கிழமை மாலையே வா என்று அத்தை சொல்லவும் செய்தது. ஆடிட்டர் ஆபீஸில் மாலைவரை வேலை இருந்தது, காலையில் போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நான் உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது இன்டர்வியூ முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள் என்று வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் சொன்னார். ரிஜிஸ்டரில் பெயரும் நேரமும் எழுதச் சொல்லி, மெயில் போட்டுப் பாருங்கள் என்றும் அவர்தான் சொன்னார். எழுதிவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது என் வேண்டுகோள். நாளை மறுநாள் 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை எந்த நேரமானாலும் எனக்குச் சரி, 18ஆம் தேதி சனிக்கிழமை காலையும் வர முடியும். தீபாவளிக்கு முன்னால் உங்களுக்கு நேரம் இல்லை என்றால் 22ஆம் தேதி புதன்கிழமையிலிருந்து எந்த நாள் சொன்னாலும் வருகிறேன். கார்த்திகை பிறப்பதற்குள் என்றால் எனக்கு வசதி, ஏனென்றால் சபரிமலை சீசன் தொடங்கிவிட்டால் கூட்டத்துக்காக இந்த இரண்டு மலைப்பாதையையும் ஒருவழியாக மாற்றிவிடுவார்கள், வண்டிகள் கம்பம்மெட்டு வழியாக ஏறி குமுளி வழியாக இறங்க வேண்டியிருக்கும். அப்படியானாலும் வருவேன், அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். எந்த நாளானாலும் முந்தின இரவே கம்பத்துக்கு வந்து தங்கிவிடுவேன். முதலில் வீடியோ காலில் பேசிப் பார்க்கலாம் என்று நீங்கள் நினைத்தாலும் நான் தயார், ஆபீஸில் பிராட்பேண்ட் இருக்கிறது, அங்கிருந்தே பேசிக்கொள்ளலாம் என்று எங்கள் ஆடிட்டர் சாரும் சொல்லிவிட்டார்.

இந்த வேலையை விட மனமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குமுளியில் இரண்டு வருஷமாக நான் பார்ப்பதெல்லாம் ஏலக்காய் வியாபாரிகளின் கணக்குதான். புற்றடி ஏலத்தில் எடுத்த சரக்கு போடிக்கு வந்தால் மாநிலம் தாண்டுகிறது, அதற்கு ஐஜிஎஸ்டி போட்டு, இ-வே பில் எடுத்து, அந்தப் பக்கத்து மலையாள பில்லையும் இந்தப் பக்கத்துத் தமிழ் பில்லையும் படித்து ஒரே லெட்ஜரில் ஏற்றுவது எனக்குத் தினசரி வேலை. உங்கள் விளம்பரத்தில் கேட்டிருந்ததும் ஏறக்குறைய இதேதான். மற்றதை நேரில் கேளுங்கள், சொல்கிறேன்.

வேறு யாரையாவது ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் அதையும் ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள் மேடம், வருத்தப்பட மாட்டேன், இல்லை, கொஞ்சம் படுவேன், ஆனால் புரிந்துகொள்வேன்.

நேற்று உங்கள் நேரம் வீணானதற்கு மறுபடியும் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஜெ. கலைச்செல்வி, எம்.காம்.
வண்டிப்பெரியாறு

பி.கு.: மரம் விழுந்த இடத்தில் 8.35க்கு எடுத்த படமும், நேற்று மாலை கம்பத்திலிருந்து திரும்பிய பஸ் டிக்கெட்டின் படமும் இணைத்திருக்கிறேன். காலை டிக்கெட்டைக் காசு கொடுக்கும்போது கண்டக்டர் வாங்கிக்கொண்டார், ஜீப்புக்கு டிக்கெட் ஏது. அலுவலக எண்ணில் காலையில் ஆள் இல்லாவிட்டால் அன்று அழைக்க வேறு ஒரு மொபைல் எண் கொடுத்தால் உதவியாக இருக்கும். என் எண் விண்ணப்பத்தில் இருப்பதுதான், மாறவில்லை.