நிறுத்திய காகிதம்

ரேஷன் கடைத் திண்ணையில் பேங்க் பெண் கை மெஷினோடு உட்கார்ந்து பேர் பேராகக் கூப்பிட்டாள். செல்லம்மாள் விரலை வைத்தாள். களை பறித்துத் தேய்ந்த விரல், முதல் தடவை எடுக்கவில்லை. தலைமுடியில் தேய்த்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"நாப்பத்தேழு ரூபாதான் இருக்கு பெரிம்மா. இந்த மாசமும் ஏறல."

புருஷன் போன மறுவருஷத்திலிருந்து வந்துகொண்டிருந்த விதவைப் பணம். 2023 ஆகஸ்டில் ஆயிரம் 1,200 ஆனபோது, பால்காரருக்குப் பாக்கி வைக்காத மாசம் என்று ஒன்று வந்தது. இப்போது மூன்று மாதமாக ஒன்றுமில்லை. ஏன் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பேங்கில் கேட்டாள். ஆதார் சரியாக இருக்கிறது, அரசிடமிருந்துதான் பணம் வரவில்லை என்றார்கள். வி.ஏ.ஓ., "நான் அறிக்கைதான்மா அனுப்புவேன், நிறுத்துறது தாலுகாவுல" என்றார். இ-சேவை மையத்துப் பையன் இரக்கப்பட்டு, "புதுசா மனு போட்டுடலாமா?" என்று கேட்டான். அவளும் சரி என்று சொல்லவிருந்தாள்.

தடுத்தது மாரிமுத்து அண்ணன். தலையாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"புதுசா போட்டா நீ புது ஆளு. நின்னுபோன மாசத்துக்கு யாரு பதில் சொல்றது? எதுக்கு நிறுத்தினாங்கன்னு காகிதம் கேளு தாயி. அது இருந்தாத்தான் மேல போக முடியும்."

தாலுகா ஆபீஸுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அந்த மட்டும் நல்லது. ஆனால் அவள் போய் நின்றது சாதிச் சான்றிதழ் வரிசையில். பாதி நாள் போனபிறகுதான், ஜெராக்ஸ் கடைக்காரர் பின்கட்டிடத்தைக் கை காட்டினார். உள்ளே ஒரு சின்ன அறை. கதவின் மேல் பலகை: 'தனி வட்டாட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்டம்'. முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி பணமெல்லாம் இங்கேதான் என்று ஆபீஸ் முன்வாசலில் ஒரு பலகை வைத்திருந்தால் எத்தனை பேர் வெயிலில் நிற்காமல் இருந்திருப்பார்கள்!

"ஆர்டர் தபால்ல வந்திருக்குமேம்மா," என்றார் கிளார்க்.

"வரல சார். வந்திருந்தா நான் ஏன் இங்க வர்றேன்? நகல் குடுங்க."

எழுதிக் கேட்டால் தருகிறோம் என்றார். மரத்தடியில் மனு எழுதுபவரிடம் நாலு வரி எழுதி வாங்கி, கையெழுத்துப் போட்டாள். இன்னொரு பிரதியில் சீல் குத்தித் தரும்வரை அவள் நகரவில்லை. அதுவும் மாரிமுத்து அண்ணன் சொல்லி அனுப்பியதுதான்.

அடுத்த வாரம் நகல் கிடைத்தது. கிளார்க்கே வாசித்துக் காட்டினார். 'கள ஆய்வின்போது பயனாளி வீட்டில் இல்லை. குடிபெயர்ந்துவிட்டதாகத் தெரியவருவதால் ஓய்வூதியம் நிறுத்தப்படுகிறது.'

செல்லம்மாளுக்கு உடம்பு பதறியது. "எங்க குடிபெயர்ந்தேன்? திருப்பூர்ல மக பிரசவத்துக்குப் போயிருந்தேன் சார். பூட்டின வீட்டப் பாத்துட்டு எழுதிட்டாங்களா? பக்கத்து வீட்ல ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது எங்க சார் போட்ட ஆர்டர். அவருக்கு மேல ஆர்.டி.ஓ. அங்க மேல்முறையீடு பண்ணுங்க. கோட்டாட்சியர் அலுவலகம்னு கேளுங்க, கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் இப்பவே போக வேணாம்" என்றார். அந்த ஒரு வாக்கியம் முதல் மாதமே யார் வாயிலிருந்தாவது வந்திருக்க வேண்டும்.

கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும்போது மஞ்சள் பையில் ஆணையின் நகல், சீல் குத்திய பிரதி, ரேஷன் கார்டு, பாஸ்புக், மகளின் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் இருந்தன. அவள் இந்த ஊரில்தான் இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தார் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

கோட்டாட்சியர் இளவயதுப் பெண். சீட்டிலிருந்த தேதியையும் ஆய்வுத் தேதியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"உங்களுக்கு நோட்டீஸ் எதுவும் வந்துச்சாம்மா?"

"ஒரு துண்டுக் காகிதம்கூட வரலம்மா."

அவர் ஆர்.ஐ.யை நேரில் விசாரித்து வாரத்துக்குள் அறிக்கை தரச் சொல்லி மனுவின் ஓரத்தில் எழுதினார். "அறிக்கை சரியா இருந்தா திரும்பக் குடுக்கச் சொல்லிடுவேன். போயிட்டு வாங்க."

செல்லம்மாள் எழுந்திருக்கவில்லை.

"நின்ன மாசத்துக்கும் சேத்துத்தானேம்மா? மனுவுல அது இல்ல. எழுதுனவரு விட்டுட்டாரு."

கோட்டாட்சியர் மனுவைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். பேனாவையும் கொடுத்தார். செல்லம்மாள் தன் கையெழுத்துக்கு மேலே, எழுத்துக்கூட்டி, தானே எழுதத் தொடங்கினாள்.